குழந்தையின் அசைவு குறைந்தால்: எப்படி எண்ணுவது, எவ்வளவு நேரம் பார்ப்பது, எப்போது கிளம்புவது

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பல பெண்களுக்கும் வரும் ஒரு சந்தேகம் உண்டு. "இன்னைக்குக் குழந்தை வழக்கம்போல அசையலையோ?" பெரும்பாலும் இது சாயங்காலமோ இரவோதான் வரும், ஏனென்றால் பகல் வேலையில் அசைவை யாரும் உட்கார்ந்து கவனிப்பதில்லை. சந்தேகம் வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். ஒருவர் குளிர்ந்த தண்ணீர் குடிக்கச் சொல்வார், இன்னொருவர் இனிப்பு சாப்பிடச் சொல்வார், "மாசம் ஆக ஆக அசைவு குறையத்தான் செய்யும்" என்று மூன்றாமவர் சொல்வார். கடைசியில், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவார்கள்.

அந்தச் சில மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 28 வாரம் முடிந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அதற்கு முன் அசைவு ஒரு ஒழுங்குக்கு வந்திருக்காது, ஆகவே எண்ணுவதில் பெரிய பயனில்லை. ஆனால் 24 வாரம் ஆகியும் ஒரு அசைவைக்கூட உணரவில்லை என்றாலும், உணர்ந்த அசைவு நின்றுவிட்டது என்றாலும் அப்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அசைவு ஏன் குறைகிறது

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆக்ஸிஜனும் உணவும் நஞ்சுக்கொடி வழியாகத்தான் போகின்றன. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாதபோது குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் மெல்ல மெல்லக் குறைகிறது. குழந்தையின் உடல் அதற்கு ஏற்ப நடந்துகொள்ளும். வருமானம் குறைந்த வீட்டில் அத்தியாவசியச் செலவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துவது போல, இருக்கும் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட்டு, கை கால் அசைவைக் குறைத்துக்கொள்ளும். அசைவுக்கு ஆக்ஸிஜன் செலவாகும், அதனால் அதுதான் முதலில் குறையும் செலவுகளில் ஒன்று.

இதை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். அசைவு குறைந்தது என்பதற்காகக் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. குழந்தை சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று அது காட்டக்கூடும். சமாளிக்கும் கட்டத்தில் மருத்துவமனைக்குப் போனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. சமாளிக்க முடியாமல் போன பிறகு போனால் அப்படி இருக்காது. வயிற்றிலேயே குழந்தையை இழந்த தாய்மாரிடம் கேட்டால், பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதற்கு முன் அசைவு குறைந்ததை உணர்ந்ததாகச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், ஒரே ஒரு முறை அசைவு குறைந்ததாக வரும் பெண்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு எந்தப் பிரச்சினையும் இல்லாமல் பிரசவம் நடக்கிறது. இரண்டையும் சேர்த்து மனதில் வையுங்கள். அசைவு குறைந்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் இருக்கிறதா இல்லையா என்பது வீட்டில் உட்கார்ந்து தெரியாது.

நஞ்சுக்கொடி மட்டும்தான் காரணம் என்றில்லை. பனிக்குட நீர் குறைந்திருக்கலாம். குழந்தையின் வளர்ச்சி மந்தப்பட்டிருக்கலாம். அபூர்வமாக, குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்துக்குள் கசிந்து குழந்தைக்கு ரத்தசோகை வந்திருக்கலாம். கவலைப்படத் தேவையில்லாத காரணங்களும் உண்டு. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால், அது நடுவில் ஒரு மெத்தை மாதிரி நிற்பதால் 28 வாரம் வரை உதை அவ்வளவாகத் தெரியாது. குழந்தையின் முதுகு தாயின் வயிற்றுப்பக்கம் திரும்பியிருந்தாலும் அப்படித்தான். தூக்கம் வரவைக்கும் மருந்தும், வலுவான சில வலி நிவாரண மருந்தும் குழந்தையையும் மந்தமாக்கும். குறைமாதப் பிரசவம் வருமோ என்று நுரையீரல் வளர்ச்சிக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் அசைவு குறைவாகத் தோன்றலாம். ஆனால் இவையெல்லாம் பரிசோதனை செய்து பார்த்த பிறகு மருத்துவர் சொல்ல வேண்டிய காரணங்கள். "நஞ்சுக்கொடி முன்னாடி இருக்குன்னு ஸ்கேன்ல சொன்னாங்க, அதான் தெரியலை" என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. நஞ்சுக்கொடி நேற்றும் அதே இடத்தில்தான் இருந்தது. நேற்று தெரிந்த அசைவு இன்று தெரியவில்லை என்றால் அதற்கு வேறு விளக்கம் தேட வேண்டும்.

எதை அசைவு என்று எண்ணுவது

உதை, இடி, உருளல், புரளல், ஒரு பக்கம் திரண்டு தள்ளுவது, நெளிவது எல்லாமே அசைவுதான். உதை மட்டுமே அசைவு என்று நினைத்து எண்ணினால் கணக்கு தவறிவிடும், ஏனென்றால் மாதம் ஆக ஆகப் பட்டென்று உதைப்பது குறைந்து, நெளிவதும் புரளுவதும் கூடும். சேர்ந்தாற்போல் மூன்று நான்கு உதைகள் வந்தால் அதை ஒரு தொடராக எடுத்துக்கொள்வதா தனித்தனியாகவா என்று பலருக்குக் குழப்பம் வரும். நடுவில் ஒரு இடைவெளி விட்டு வந்தால் தனித்தனி. ஒரே மூச்சில் உருண்டு நெளிந்தால் அதை ஒன்றாக வையுங்கள். எது எப்படியோ, இன்று செய்ததைப் போலவே நாளையும் செய்ய வேண்டும். அதுதான் முக்கியம்.

விக்கலைச் சேர்க்காதீர்கள். சீராக, ஒரே தாளத்தில், தொடர்ந்து சில நிமிடம் லேசாகத் துள்ளுவது விக்கல். அது தாயின் வயிற்றில் ஒரே இடத்தில் டிக் டிக் என்று தெரியும். அது இயல்பானது, ஆனால் குழந்தையின் சுறுசுறுப்புக்கு அது அளவுகோல் ஆகாது.

குழந்தை தூங்கும், விழிக்கும். ஒரு தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம் வரை போகும், 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது. இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும், வராவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் விதி. எண்ணுவதற்கு இரண்டு மணி நேரம் என்று வைத்ததற்கு ஒரு காரணம் இதுதான். ஒரு தூக்கம் முடிந்து எழுவதற்கு இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும். பிற்பகலிலும் மாலையிலும் இரவிலும் குழந்தைகள் கூடுதலாக அசைவது வழக்கம், அதனால் எண்ணத் தொடங்க இரவு நேரம் பொருத்தமானது.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே தள்ளிவைக்க வேண்டும். அசைவு சுமார் 32 வாரம் வரை கூடிக்கொண்டே வந்து, அதன் பிறகு கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கிறது. கடைசி வாரங்களில் குழந்தைக்கு இடம் போதாமல் அசைவு குறைந்துவிடும் என்பது உண்மையல்ல. அசைவின் விதம் மாறும், எண்ணிக்கை குறையக் கூடாது. பிரசவ வலி தொடங்கிய பிறகும் குழந்தை அசைய வேண்டும். "தலை இறங்கிடுச்சு, இனி அசைவு அடங்கிடும்" என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், இந்த விஷயத்தில் அதை ஏற்காதீர்கள்.

எண்ணும் முறையும் அதன் எல்லையும்

பத்து என்ற எண் 1976-ல் பிரிட்டனில் கார்டிஃப் நகரில் வெளிவந்த முறையிலிருந்து வந்தது. பத்து அசைவு வரும் வரை எண்ணி, எவ்வளவு நேரமானது என்று குறித்துக்கொள்வார்கள். முதலில் அதற்கு 12 மணி நேரம் வரை கொடுத்திருந்தார்கள். அவ்வளவு நேரம் யாரால் கவனித்துக்கொண்டிருக்க முடியும்? பின்னால் 1989-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு, தாய்மார் படுத்துக் கவனமாக எண்ணினால் சராசரியாகச் சுமார் 21 நிமிடத்திலேயே பத்து அசைவு வந்துவிடுகிறது என்று காட்டியது. அதன் பிறகுதான் இரண்டு மணி நேரம் என்ற வரம்பு பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது.

எண்ணுவது சுலபம். குழந்தை வழக்கமாகச் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு என்றால் மறக்காது. இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள். வலப்பக்கமும் தவறில்லை, மல்லாக்கப் படுக்க வேண்டாம், கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும். ஃபோனையும் டிவியையும் தள்ளி வைத்துவிட்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, தொடங்கும் நேரத்தை எழுதுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கோடு. பத்தாவது வந்ததும் நேரத்தை எழுதினால் முடிந்தது. தொடர்ந்து ஒரு வாரம் இதை அதே நேரத்தில் செய்தால், உங்கள் குழந்தைக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பது தெரிந்துவிடும். சிலருக்கு 10 நிமிடம், சிலருக்கு 40. இந்த எண்தான் உங்களுக்குத் தேவை.

ஏனென்றால் பத்து என்பது எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் ஒரு அடிமட்டக் கோடு மட்டுமே. தினமும் 15 நிமிடத்தில் பத்து அசைவு கொடுத்துவந்த குழந்தை இன்று ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் பத்தை எட்டினால், புத்தகக் கணக்குப்படி அது "சரி". ஆனால் அந்தக் குழந்தைக்கு அது பெரிய மாற்றம். அப்படிப்பட்ட நிலையில் பத்து வந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது. உங்கள் குழந்தை நேற்று எப்படி இருந்தது என்பதோடுதான் இன்றை ஒப்பிட வேண்டும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. எல்லாக் கர்ப்பிணிகளையும் தினமும் கட்டாயமாக எண்ண வைத்தால் குழந்தை இறப்புகள் குறையுமா என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. 1989-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் அப்படிக் குறைவது தெரியவில்லை. 2018-ல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நான்கு லட்சத்துக்கும் அதிகமான கர்ப்பங்களில் செய்த இன்னொரு ஆய்வு, அசைவு பற்றித் தாய்மாருக்கு விழிப்புணர்வு கொடுத்து, குறைந்தவர்களை ஒரே ஒழுங்கான முறையில் கவனித்தால் என்னவாகிறது என்று பார்த்தது. அதிலும் இறப்பில் தெளிவான குறைவு தெரியவில்லை. மருந்து கொடுத்து வலி வரவைப்பதும் சிசேரியனும் சற்றுக் கூடின. அதனால்தான் பல நாடுகளில் இன்று தினசரி அட்டவணையை எல்லாருக்கும் கொடுப்பதில்லை. இதற்கு அசைவைக் கவனிப்பது வீண் என்று அர்த்தமில்லை. தாய் தன் குழந்தையின் வழக்கத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு, மாறினால் அன்றே வர வேண்டும் என்பதில் எந்த வழிகாட்டுதலும் பின்வாங்கவில்லை. எண்ணுவது கவலையைத்தான் கூட்டுகிறது என்றால் தினமும் எண்ண வேண்டாம், வழக்கத்தைக் கவனியுங்கள், சந்தேகம் வந்தால் மட்டும் உட்கார்ந்து எண்ணுங்கள். உங்கள் மருத்துவர் தினமும் எண்ணச் சொல்லியிருந்தால் அவர் சொன்னபடி செய்யுங்கள், சர்க்கரை நோயோ உயர் ரத்த அழுத்தமோ இருப்பதால் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

ஒரு இரவு

இது எப்படி நடக்கும் என்று புரிந்துகொள்ள ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் கர்ப்பம், 34 வாரம். ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி, எந்த நோயும் இல்லை. அவருடைய குழந்தை காலையில் கொஞ்சம் அசையும், பகலில் அடங்கியிருக்கும், இரவு எட்டு மணிக்கு மேல் நன்றாகப் புரளும். எட்டு மணிக்குப் படுத்து எண்ணினால் 20, 25 நிமிடத்தில் பத்து வந்துவிடும்.

ஒரு நாள் பகல் முழுக்க வேலை. சாப்பிட்டு முடித்தபோதுதான், காலையிலிருந்து அசைவை உணர்ந்த நினைவே இல்லையே என்று தோன்றுகிறது. எட்டு மணிக்கு இடது பக்கம் சாய்ந்து படுக்கிறார். எட்டரைக்குள் இரண்டு அசைவு, இரண்டும் மெலிதாக. தூங்குகிறதோ என்று காத்திருக்கிறார். ஒன்பது மணிக்கு மொத்தம் நான்கு.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. விதிப்படி இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் அம்மா, "ஒரு மணி நேரம் பாரு, ஒரு டம்ளர் ஜூஸ் குடிச்சிட்டுப் படு, அசையும்" என்கிறார். ஆனால் வழக்கமாக 25 நிமிடத்தில் பத்து வரும் குழந்தை, தன் சுறுசுறுப்பான நேரத்தில் ஒரு மணி நேரத்தில் நான்கு மட்டுமே தந்திருக்கிறது. பகலிலும் அசைவு நினைவில்லை. இந்த இரண்டும் போதும். இரண்டு மணி நேரம் என்பது, குறைந்ததா இல்லையா என்று உண்மையிலேயே தெரியாதவர்களுக்கான வரம்பு. குறைந்தது தெரிந்தவர் அதை நிரப்பிக் காட்ட வேண்டிய அவசியமில்லை. அவர் ஒன்பதே காலுக்கு மருத்துவமனைப் பிரசவ வார்டுக்கு ஃபோன் செய்கிறார். "34 வாரம், காலையிலிருந்து அசைவு குறைவு, வழக்கமா அரை மணி நேரத்துக்குள்ள பத்து வரும், இன்னைக்கு ஒரு மணி நேரத்துல நாலுதான் வந்துச்சு" என்கிறார். இப்படிச் சொன்னால் மறுமுனையில் இருப்பவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். உடனே வரச் சொல்கிறார்கள்.

அங்கே முதலில் கேள்விகள். எப்போதிலிருந்து குறைந்தது, முன்பு இப்படி ஆனதுண்டா, ரத்தப்போக்கு, நீர் போவது, வயிற்று வலி, தலைவலி உண்டா, என்ன மருந்து சாப்பிட்டார். ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள், வயிற்றின் உயரத்தை டேப் வைத்து அளக்கிறார்கள். அப்புறம் குழந்தையின் இதயத் துடிப்பு. வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி, குழந்தையின் துடிப்பையும் கர்ப்பப்பை இறுகுவதையும் காகிதத்தில் கோடாகப் பதிவு செய்யும் இயந்திரத்தில் வைக்கிறார்கள். இதற்கு சி.டி.ஜி. என்று பெயர், சில இடங்களில் என்.எஸ்.டி. என்பார்கள். குறைந்தது 20 நிமிடம் ஓடும்.

இதில் இரண்டு விஷயத்தைப் பார்க்கிறார்கள். அடிப்படைத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160-க்குள் இருக்கிறதா என்பது ஒன்று. அவ்வப்போது துடிப்பு குறைந்தது 15 ஏறி, 15 விநாடியாவது ஏறிய நிலையில் நின்று இறங்குகிறதா என்பது இன்னொன்று. 20 நிமிடத்தில் இப்படி இரண்டு ஏற்றம் இருந்தால் குழந்தைக்கு இப்போதைக்கு ஆக்ஸிஜன் போகிறது என்று அர்த்தம். இவருக்கு முதல் 20 நிமிடம் கோடு சற்றுத் தட்டையாகவே ஓடுகிறது, குழந்தை தூங்கக்கூடும் என்பதால் இன்னும் 20 நிமிடம் ஓட விடுகிறார்கள். பிறகு இரண்டு ஏற்றம் வருகிறது. நல்ல சேதிதான்.

ஆனால் அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. வயிற்று அளவு அந்த வாரத்துக்குச் சற்றுக் குறைவாக இருப்பதால் ஸ்கேன் எடுக்கிறார்கள். குழந்தையின் எடை எதிர்பார்த்ததைவிடக் குறைவு, பனிக்குட நீர் குறைந்த அளவில், தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தை டாப்ளர் வைத்துப் பார்த்தால் எதிர்ப்பு கூடுதலாக இருக்கிறது. நஞ்சுக்கொடி முழுத் திறனோடு வேலை செய்யவில்லை. அவரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தினமும் சி.டி.ஜி., வாரத்துக்கு இரண்டு முறை ஸ்கேன் என்று கவனித்து, 37 வாரத்தில் மருந்து கொடுத்து வலி வரவைக்கிறார்கள்.

இது எல்லாருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்லவில்லை. அதே அறிகுறியோடு அதே இரவு வரும் இன்னொருவருக்கு எல்லாம் சரியாக இருந்து, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம். அதுதான் அதிகம் நடப்பது. ஆனால் இந்தத் தாயின் குழந்தை சிறியது என்பது அந்த இரவு வரை யாருக்கும் தெரியாது. முந்தைய பரிசோதனைகளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் காலை வரை காத்திருந்தாலும் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம், ஆகியும் இருக்கலாம். அந்தச் சூதாட்டத்தை யாரும் ஆட வேண்டியதில்லை.

வீட்டில் செய்யக் கூடாதவை

குளிர்ந்த தண்ணீர், ஜூஸ், இனிப்பு, வயிற்றைத் தட்டுவது, டார்ச் அடிப்பது. இவற்றால் குழந்தை அசைந்ததாகப் பலர் சொல்வார்கள். அவை ஆபத்தானவை என்பதல்ல என் வாதம். அவற்றால் நேரம் வீணாகிறது. அவை அசையாத குழந்தையை எழுப்பும் என்பதற்கு ஆதாரமில்லை, ஆனால் ஒன்றிரண்டு அசைவு வந்துவிட்டால் அது போதுமானது என்று மனம் ஆறிவிடும். ஜூஸ் குடித்த பிறகு வந்த மூன்று அசைவுகள் காலையிலிருந்து இல்லாத அசைவுக்கு விளக்கம் ஆகாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வீட்டில் வைத்துக் கேட்கும் சிறிய டாப்ளர் கருவி. அதை வாங்கியவர்கள், அசைவு குறைந்தால் கருவியை வைத்து ஒரு துடிப்பைக் கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். முதலில், கேட்பது குழந்தையின் துடிப்பா, தாயின் பெரிய ரத்தக்குழாயில் ஓடும் ரத்தத்தின் ஒலியா, நஞ்சுக்கொடியின் இரைச்சலா என்று பயிற்சி இல்லாதவருக்குத் தெரியாது. அப்படியே குழந்தையின் துடிப்புதான் என்றாலும், துடிப்பு இருக்கிறது என்பது குழந்தை நலமாக இருக்கிறது என்று ஆகாது. ஆக்ஸிஜன் குறைந்த குழந்தைக்கும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும், கடைசி வரை. துடிப்பின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்து படித்தால்தான் நிலைமை தெரியும். ஆக, அசைவு குறைந்த அன்று வீட்டு டாப்ளரை எடுக்கவே எடுக்காதீர்கள். அசைவை எண்ணும் ஃபோன் ஆப் வெறும் நோட்டுப்புத்தகம் என்ற அளவில் சரி. அது தரும் பச்சை நிறத்தை நம்பி வீட்டில் தங்கக் கூடாது.

மருத்துவமனைக்கு வீணாகப் போகிறோமோ, இரண்டு முறை வந்தால் கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கமும் தாமதத்துக்கு ஒரு காரணம். எல்லாம் சரியாக இருந்து திரும்பி வந்தால் அது நல்ல முடிவு. பிரசவ வார்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது வழக்கமான வேலை.

எண்ணாமல் கிளம்ப வேண்டியவை

28 வாரத்துக்கு மேல் அசைவு அறவே இல்லை என்று தோன்றினால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். அசைவு குறைந்ததோடு ரத்தப்போக்கு, நீர் உடைவது, வயிறு கல்லாகி விடாமல் வலிப்பது, கடுமையான தலைவலி, கண் மங்குவது, காய்ச்சல், வயிற்றில் அடிபட்டது ஆகியவற்றில் எதுவும் சேர்ந்தாலும் அப்படித்தான். இரவு இரண்டு மணி ஆனாலும் காலை வரை வைக்கக் கூடாது. திடீரென்று மிகக் கடுமையாக, வழக்கத்துக்கு மாறாகத் துடித்துவிட்டு அடங்கிப் போனாலும் மருத்துவமனையில் சொல்லுங்கள்.

உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், முந்தைய ஸ்கேனில் குழந்தை சிறியது என்று சொன்னது, புகைப்பழக்கம், முன்பு குழந்தையை இழந்தது, தேதி தாண்டிப் போனது ஆகியவை இருந்தால் தயங்கும் அளவை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் குழந்தைகள் என்றால் எந்த உதை யாருடையது என்று பிரிப்பது கடினம், எனவே எண்ணிக்கையை நம்பாமல், ஒரு பக்கம் மட்டும் வழக்கத்தைவிட அடங்கியிருப்பதாகத் தோன்றினாலும் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் சரி என்று அனுப்பிய பிறகு, அதே நாள் இரவோ மூன்று நாள் கழித்தோ மறுபடி அசைவு குறைந்தால் என்ன செய்வது? திரும்பப் போக வேண்டும். முதல் முறை சரியாக இருந்த சி.டி.ஜி. அந்த நேரத்துக்கு மட்டுமே சொல்கிறது, நாளைக்கு அது உத்தரவாதம் ஆகாது. ஒரு முறைக்கு மேல் அசைவு குறைவோடு வருபவர்களுக்குப் பிரச்சினைக்கான வாய்ப்பு கூடுதல் என்பதால், இரண்டாம் முறை ஸ்கேனும் எடுப்பார்கள். போகும்போது முன்பு வந்த தேதியையும் அன்று எடுத்த சி.டி.ஜி. காகிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "இது ரெண்டாவது தடவை" என்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஃபோனில் "நாளைக்குக் காலையில் வாங்க" என்று யாராவது சொன்னால், "வழக்கமா எத்தனை நிமிஷத்துல பத்து வரும், இன்னைக்கு எத்தனை வந்துச்சு" என்ற இரண்டு எண்களையும் சொல்லி, இன்றே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதன் பிறகும் தள்ளிப்போட்டால் நேரில் போய் நில்லுங்கள்.